விதை போக மிஞ்சுவது

நெல் மட்டுமே விளையும் ஓர் ஊரை எடுத்துக்கொள்ளலாம். அங்கே 100 மூட்டை அறுக்க விதைநெல், உழுகிறவர் சாப்பாடு, கூலி நெல் எல்லாம் சேர்ந்து 40 மூட்டை செலவானால் 60 மூட்டை மிஞ்சும். 100 மூட்டைக்கு 100 மூட்டையே செலவானால் ஊர் உயிரோடு இருக்கும். ஆனால் விற்கவோ சேர்த்துவைக்கவோ ஒரு படி நெல் இருக்காது. 110 மூட்டை செலவானால், பத்தாயத்தில் கிடந்த பழைய நெல் தீரும்வரைதான் ஊர் தாங்கும். ஒரு மூட்டை விளைய எத்தனை மூட்டை செலவு என்ற ஒற்றை எண் ஒன்றுக்குக் கீழே இருக்கிறதா என்று பார்த்தாலே ஊரின் கதை தெரிந்துவிடும்.

இரண்டாவதாக ஒரு பொருள் வந்ததும் இந்த எளிமை போய்விடுகிறது. தானியத்துக்கு ஏர்க்கொழு வேண்டும், கொழுவுக்கு இரும்பு, இரும்பு உருக்குகிறவருக்குச் சோறு, அந்தச் சோற்றுக்கு மறுபடி தானியம், அதற்கு மறுபடி கொழு. ஒவ்வொரு பொருளும் தன்னையும் தின்று மற்றதையும் தின்றுதான் உருவாகிறது. நூறு துறைகள் இப்படிப் பின்னிக் கிடக்கும் நாட்டில், எல்லாம் போக ஏதாவது மிஞ்சுமா என்பதைச் சொல்ல இன்னமும் ஒற்றை எண் போதும் என்பதுதான் வியப்பு. அந்த எண்ணுக்குப் பெயர் நுகர்வு அணியின் முதன்மை ஐகன் மதிப்பு. அது ஒன்றுக்குக் கீழே இருந்தால் எல்லாப் பொருளிலும் மிச்சம் காட்ட முடியும். ஒன்றைத் தொட்டாலோ தாண்டினாலோ முடியாது. நடுவில் சந்தேகத்துக்கு இடமான பகுதி எதுவும் இல்லை.

துறைக்குத் துறை கொடுக்கல் வாங்கலை ஒரே அட்டவணையில் காட்டும் யோசனை பழையது. பிரான்சில் ஃபிரான்சுவா கெனே 1758-இலேயே அப்படி ஒரு படம் வரைந்தார். அதைச் சமன்பாடுகளாக்கி, உண்மைப் புள்ளிவிவரத்தை ஊற்றிக் கணக்குப் போட்டவர் வஸிலி லியோன்டிஃப். ரஷ்யாவில் வளர்ந்து அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு வந்த அவர், அமெரிக்காவின் 1919-ஆம் ஆண்டு உற்பத்தியை வைத்துச் செய்த அட்டவணையை 1936-இல் வெளியிட்டார். 1973-இல் நோபல் பரிசு கிடைத்தது இந்த வேலைக்குத்தான். உள்ளீடு-வெளியீடு மாதிரி என்று பாடப்புத்தகங்கள் சொல்வது இதையே.

கோதுமையும் இரும்பும்

மாதிரியைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்க, 1960-இல் வெளியான ஒரு சிறிய புத்தகத்தின் தொடக்கத்தில் இருக்கும் கணக்கு வசதியானது. எழுதியவர் பியரோ ஸ்ராஃபா. இத்தாலியில் பிறந்து இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் வாழ்ந்த பொருளியலாளர். அவர் ஐகன் மதிப்பு என்ற சொல்லையே எடுக்கவில்லை. ஆனாலும் அவர் தேர்ந்த எண்களுக்குள் அந்த மதிப்பு அழகாக உட்கார்ந்திருக்கிறது. கோதுமையை அவர் குவார்ட்டர் என்ற பழைய ஆங்கிலத் தானிய அளவையில் சொல்கிறார். தமிழ்நாட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் ஊறிவிட்டதால் இங்கே மூட்டை என்றே வைத்துக்கொள்வது நல்லது. அளவை மாறுவதால் கணக்குக்குக் கேடில்லை. ஏன் இல்லை என்பதும் பின்னால் தெரியும்.

ஸ்ராஃபாவின் முதல் ஊரில் ஆண்டுக்கு 400 மூட்டை கோதுமையும் 20 டன் இரும்பும் உற்பத்தியாகின்றன. கோதுமைத் துறை தன் 400 மூட்டைக்காக 280 மூட்டை கோதுமையையும் 12 டன் இரும்பையும் செலவழிக்கிறது. இரும்புத் துறை தன் 20 டன்னுக்காக 120 மூட்டை கோதுமையையும் 8 டன் இரும்பையும் செலவழிக்கிறது. வேலை செய்கிறவர்களின் சாப்பாடும் இந்தச் செலவில் அடக்கம். கூட்டிப் பார்த்தால் கோதுமைச் செலவு 400, இரும்புச் செலவு 20. விளைந்தது முழுதும் மறு ஆண்டு உற்பத்திக்கே போய்ச் சேர்கிறது.

இதை ஓர் அலகுக்கு இவ்வளவு என்று வகுத்து எழுதினால் நுகர்வு அணி கிடைக்கும். ஒவ்வொரு நிரலும் ஒரு துறையின் சமையல் குறிப்பு மாதிரி:

```
A = | 0.7    6   |
    | 0.03   0.4 |
```

முதல் நிரல் சொல்வது, ஒரு மூட்டை கோதுமைக்கு 0.7 மூட்டை கோதுமையும் 0.03 டன் இரும்பும் வேண்டும் என்பது. இரண்டாம் நிரல் சொல்வது, ஒரு டன் இரும்புக்கு 6 மூட்டை கோதுமையும் 0.4 டன் இரும்பும் வேண்டும் என்பது. மொத்த உற்பத்தியை x என்றும், உற்பத்திச் செலவு போக வெளியே எடுக்க விரும்பும் அளவை d என்றும் எழுதினால் லியோன்டிஃபின் மாதிரி முழுவதும் ஒரே வரியில் முடிந்துவிடும்:

```
x = A x + d
```

விளைந்தது எல்லாம் ஒன்று உற்பத்திக்குள்ளேயே செலவாகிறது, அல்லது வெளியே போகிறது. d-ஐ முதலில் சொல்லி, அதற்கு x எவ்வளவு வேண்டும் என்று கேட்பதே மாதிரியின் வேலை.

அணியில் 6 என்ற எண்ணைப் பார்த்ததும் "ஒன்றைத் தாண்டிவிட்டதே" என்று பதற வேண்டியதில்லை. அது ஒரு டன் இரும்புக்கு ஆறு மூட்டை கோதுமை. இரண்டும் வெவ்வேறு பொருள். தன்னைத்தானே தின்னும் கணக்கு எங்கே ஒன்றைத் தொடுகிறது என்பதைத்தான் தேட வேண்டும். ஒரு மூட்டை கோதுமை நேரடியாகத் தின்பது 0.7 மூட்டை. அதற்கு வேண்டிய 0.03 டன் இரும்பு சும்மா வராது. ஒரு டன் இரும்பு உருக்கினால் அதில் 0.4 டன் இரும்புத் துறையே எடுத்துக்கொள்கிறது. வெளியே வருவது 0.6 டன். ஆகவே 0.03 டன் வெளியே வர 0.05 டன் உருக்க வேண்டும். அதற்குச் செலவாகும் கோதுமை 0.05 × 6, அதாவது 0.3 மூட்டை. நேரடியாக 0.7, இரும்பு வழியாகச் சுற்றி வந்து 0.3, கூட்டினால் சரியாக ஒன்று. ஒரு மூட்டை கோதுமையை உண்டாக்க ஒரு மூட்டை கோதுமையே தீர்ந்துபோகிறது. இந்த அணியின் முதன்மை ஐகன் மதிப்பும் சரியாக 1.

அடங்காத பட்டியல்

இந்த ஊரிலிருந்து 100 மூட்டை கோதுமையைக் கூடுதலாக வெளியே எடுக்கலாம் என்று ஒருவர் ஆசைப்பட்டால் என்ன நடக்கும்? அந்த 100-ஐ விளைவிக்க 70 மூட்டை கோதுமையும் 3 டன் இரும்பும் கூடுதலாக வேண்டும். இவற்றை உண்டாக்க 67 மூட்டையும் 3.3 டன்னும் வேண்டும். அவற்றுக்கு 66.7 மூட்டை, 3.33 டன். அடுத்த சுற்றுக்கும் ஏறக்குறைய அதே 66.7, அதே 3.33. அதற்கடுத்த சுற்றுக்கும் அதே. தேவைப் பட்டியல் குறைந்து குறைந்து அடங்க வேண்டும். இங்கே அது ஓரளவில் நின்றுகொண்டு முடிவில்லாமல் நீண்டுகொண்டே போகிறது. எவ்வளவு பெரிய உற்பத்தியாலும் இந்தப் பட்டியலை நிறைவேற்ற முடியாது.

ஸ்ராஃபா அடுத்ததாக ஒரே ஒரு எண்ணை மாற்றுகிறார். அதே 280 மூட்டையையும் 12 டன்னையும் செலவழிக்கும் கோதுமைத் துறை, இப்போது 400-க்குப் பதில் 575 மூட்டை தருகிறது. இரும்புத் துறையில் மாற்றமில்லை. ஆண்டு முடிவில் 175 மூட்டை கோதுமை மிஞ்சுகிறது. ஒரு மூட்டை கோதுமைக்கு வேண்டிய கோதுமை இப்போது 280/575, சுமார் 0.487, இரும்பு 12/575, சுமார் 0.0209 டன். முன்போலச் சுற்றி வந்து கூட்டினால் 0.487-உடன் 0.209 சேர்ந்து 0.696 ஆகிறது. ஒன்றுக்கு நன்றாகவே கீழே.

இந்த ஊரிடம் 70 மூட்டை கேட்டால் சுற்றுகள் இப்படிப் போகும். முதல் சுற்றில் 34.1 மூட்டையும் 1.46 டன்னும். இரண்டாவதில் 25.4 மூட்டை, 1.30 டன். மூன்றாவதில் 20.1 மூட்டை, 1.05 டன். நான்காவதில் 16.1 மூட்டை, 0.84 டன். மூன்றாவது சுற்றிலிருந்து கவனித்தால் ஒவ்வொரு வரியும் முந்தைய வரியில் ஐந்தில் நான்கு பங்காக இருப்பது தெரியும். கோதுமைக்கும் 0.8 மடங்கு, இரும்புக்கும் 0.8 மடங்கு. முதல் ஓரிரு சுற்றுகளில் தடுமாறிய விகிதம் பிறகு ஒரே எண்ணில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. எந்தப் பொருளை எவ்வளவு கேட்டுத் தொடங்கினாலும் கடைசியில் வந்து சேர்வது இந்த 0.8-இல்தான். முதன்மை ஐகன் மதிப்பு என்பது இதுவே: தேவை ஒரு சுற்றிலிருந்து அடுத்த சுற்றுக்குப் போகும்போது கடைசியில் எத்தனை மடங்காகிறது என்ற எண்.

ஒவ்வொரு சுற்றும் ஐந்தில் ஒரு பங்கு சுருங்குவதால் கூட்டல் அடங்குகிறது. கேட்ட 70-ஐயும் அத்தனை சுற்றுகளையும் கூட்டினால் 230 மூட்டை கோதுமை, 8 டன் இரும்பு. சரிபார்ப்பதும் எளிது. 230 மூட்டை விளைவிக்க 112 மூட்டையும் 4.8 டன்னும் செலவு. 8 டன் உருக்க 48 மூட்டையும் 3.2 டன்னும் செலவு. கோதுமையில் 230 கழித்தல் 160, மீதி 70. இரும்பில் 8 கழித்தல் 8, மீதி எதுவுமில்லை. கேட்டதும் அதுதான்.

ஏன் சரியாக ஒன்று?

சுருங்கினால் கூட்டல் அடங்கும் என்பது ஒரு பாதிதான். ஒன்றையோ அதற்கு மேலேயோ தொட்டால் எந்த வித்தையாலும் மிச்சம் காட்ட முடியாது என்பது மறுபாதி. இதை நிறுவ இரண்டு தனிச்சிறப்பான பட்டியல்கள் உதவுகின்றன. ஒன்று அளவுகளின் பட்டியல், மற்றது விலைகளின் பட்டியல்.

அளவுப் பட்டியலை முதலில் பார்க்கலாம். 575 மூட்டை கோதுமையும் 20 டன்னுக்குப் பதில் 30 டன் இரும்பும் செய்தால் என்ன செலவாகும்? கோதுமை 280-உடன் 180 சேர்ந்து 460. இரும்பு 12-உடன் 12 சேர்ந்து 24. 575-இல் ஐந்தில் நான்கு 460. 30-இல் ஐந்தில் நான்கு 24. இந்த விகிதத்தில் உற்பத்தி செய்தால் செலவும் அதே விகிதத்தில் விழுகிறது. எந்தப் பொருளை எடுத்தாலும் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம். கணிதத்தில் இதற்கு ஐகன் திசையன் என்று பெயர். ஸ்ராஃபா இதைத் 'தரப் பண்டம்' என்ற பொருள்படும் பெயரில் அழைத்தார். ஐகன் மதிப்பு ஒன்றுக்குக் கீழே இருக்கும்போதெல்லாம் இந்தப் பட்டியல் ஒன்றே மிச்சத்துக்குச் சாட்சி.

விலைப் பட்டியல் இன்னும் சுவையானது. ஒரு டன் இரும்பின் விலை 15 மூட்டை கோதுமை என்று வைத்தால், கோதுமைத் துறையின் செலவு 280 கூட்டல் 180, அதாவது 460 மூட்டை, வரவு 575. இரும்புத் துறையின் செலவு 120 கூட்டல் 120, அதாவது 240, வரவு 300. இரண்டிலும் செலவு வரவில் ஐந்தில் நான்கு பங்கு. போட்டதற்கு 25 சதவீத லாபம். ஒன்றை 0.8-ஆல் வகுத்தால் வரும் 1.25-தான் இது. இந்த விலையில் எந்த விகிதத்தில் உற்பத்தி செய்தாலும், கோதுமையைக் கூட்டி இரும்பைக் குறைத்தாலும், செலவின் மதிப்பு விளைவின் மதிப்பில் சரியாக 0.8 பங்குதான்.

ஐகன் மதிப்பு 1 ஆகவோ 1.1 ஆகவோ இருந்தால் இதே வாதம் கத்தியாகத் திரும்புகிறது. அந்த அணிக்கு உரிய விலைகளில், எந்தத் திட்டம் போட்டாலும் செலவின் மதிப்பு விளைவின் மதிப்புக்குச் சமம் அல்லது கூடுதல். எல்லாப் பொருளிலும் கொஞ்சம் மிச்சம் இருந்தால் அந்த மிச்சத்துக்கு ஏதாவது மதிப்பு இருந்தாக வேண்டும். செலவே வரவை விழுங்கிய பிறகு அந்த மதிப்பு எங்கிருந்து வரும்? ஆகவே மிச்சம் இல்லை. ஸ்ராஃபாவின் முதல் ஊரில் இந்த விலை டன்னுக்கு 10 மூட்டை. கோதுமைத் துறை 400 மூட்டை மதிப்புக்குச் செலவழித்து 400 பெறுகிறது. இரும்புத் துறை 200 செலவழித்து 200 பெறுகிறது.

இப்படிக் குறை எண்ணே இல்லாத அளவுப் பட்டியலும் விலைப் பட்டியலும் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் தருவது ஜெர்மானியக் கணித அறிஞர்கள் பெரோன் 1907-இலும் ஃப்ரோபீனியஸ் 1912-இலும் நிறுவிய தேற்றம். குறை எண் இல்லாத அணி எதற்கும் அதன் ஐகன் மதிப்புகளில் அளவில் பெரியது ஒரு குறையற்ற மெய்யெண்ணாகவே இருக்கும், அதற்குரிய திசையனிலும் குறை எண் வராது என்பது அதன் சாரம். அவர்கள் பொருளாதாரத்தை நினைத்து இதைச் செய்யவில்லை. லியோன்டிஃபின் அட்டவணை பிறக்கும்போது கருவி ஏற்கெனவே தயாராகக் கிடந்தது.

விடை வருவது போதாது

கணக்குப் போடுகிறவர் அதிகம் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. முதல் ஊரிலேயே விளைச்சல் பொய்த்து 400-க்குப் பதில் 350 மூட்டைதான் கிடைத்தது என்று கொள்வோம். ஒரு மூட்டைக்குக் கோதுமைச் செலவு 0.8, இரும்புச் செலவு சுமார் 0.0343 டன். இரும்புத் துறையில் அதே 6, அதே 0.4. எந்தத் துறையும் தன் பொருளைத் தன் விளைவுக்கு மேல் தின்னவில்லை, கோதுமை 0.8, இரும்பு 0.4. மேலோட்டமாகப் பார்த்தால் ஊர் நலமாகத்தான் தெரியும். சுற்றிவந்து கூட்டினால்தான் நோய் வெளிப்படுகிறது: 0.8-உடன் இரும்பு வழியாக 0.343 சேர்ந்து 1.143. முதன்மை ஐகன் மதிப்பு சுமார் 1.096.

இந்த ஊரிடம் 70 மூட்டை கேட்டுச் சமன்பாட்டைக் கணினியில் ஏற்றினால் அது முரண்டு பிடிக்காது. அணிக்கு நேர்மாறு உண்டு. விடையும் தயங்காமல் வரும். கோதுமை −490 மூட்டை, இரும்பு −28 டன். சமன்பாட்டில் போட்டுப் பார்த்தால் இரண்டும் பிசகில்லாமல் பொருந்தும். ஆனால் குறை நானூற்றுத் தொண்ணூறு மூட்டையை எந்தக் களத்துமேட்டில் அளப்பது? சமன்பாட்டுக்கு விடை இருப்பதும் பொருளாதாரத்துக்கு விடை இருப்பதும் வேறு வேறு. நேர்மாறு அணியில் ஒரு குறை எண் தலைகாட்டினால் அந்த ஊர் தேறாது என்று அர்த்தம். ஐகன் மதிப்பைத் தேடாமலே பிடிபடும் அடையாளம் இது. ஐகன் மதிப்பு ஒன்றுக்குக் கீழே இருக்கும்போது நேர்மாறு என்பது அத்தனை சுற்றுகளின் கூட்டல். கூட்டப்படும் எதுவும் குறை எண் இல்லாதபோது கூட்டலில் குறை எண் வர வழியில்லை.

இன்னொரு சோதனையை டேவிட் ஹாக்கின்ஸும் ஹெர்பர்ட் சைமனும் 1949-இல் சொன்னார்கள். அலகு அணியிலிருந்து A-ஐக் கழித்து, அதன் தலைமைச் சிற்றணிக் கோவைகள் எல்லாம் நேர் எண்ணா என்று பார்ப்பது. இரண்டு துறைகளுக்கு இது எளிய பெருக்கல்தான். பொய்த்த விளைச்சலில் 0.2-ஐ 0.6-ஆல் பெருக்கினால் 0.12, அதிலிருந்து 6 × 0.0343, அதாவது 0.206-ஐக் கழித்தால் குறை எண். தேர்வில் தோல்வி. 575 மூட்டை ஊரில் 0.308-இலிருந்து 0.125 கழிகிறது, நேர் எண். தமிழ்நாட்டில் வணிகக் கணிதம் படித்த பதினொன்றாம் வகுப்பு மாணவருக்கு ஹாக்கின்ஸ்-சைமன் நிபந்தனை என்ற பெயர் அறிமுகமாகியிருக்கும். தேர்வுக்காக மனப்பாடம் செய்த அந்த நிபந்தனையும், முதன்மை ஐகன் மதிப்பு ஒன்றுக்குக் கீழே என்ற வாக்கியமும் ஒன்றையே சொல்கின்றன. இரண்டு மூன்று துறைகளுக்கு அணிக்கோவை வசதி. துறைகள் பெருகினால் ஐகன் மதிப்பே தோது.

அளவையும் விலையும்

மூட்டையா குவார்ட்டரா என்பது ஏன் பொருட்டில்லை? இரும்பை டன்னுக்குப் பதில் கிலோவில் எழுதினால் அணியில் 6 என்பது 0.006 ஆகும், 0.03 என்பது 30 ஆகும். ஒன்று ஆயிரத்தில் ஒரு பங்காகும்போது மற்றது ஆயிரம் மடங்காகிறது. பெருக்கல் அதே 0.18. சுற்றிவரும் வழியில் இரண்டும் சேர்ந்தே வருவதால் அளவை மாற்றம் அடிபட்டுப் போகிறது. ஐகன் மதிப்பு அசைவதில்லை. அணியில் உள்ள தனி எண்களை வைத்துப் பொருளாதாரத்துக்கு நாடி பார்க்க முடியாது என்பதற்குக் காரணமும் இதுதான்.

விலையை மாற்றினாலும் அப்படியே. நிஜ நாட்டு அட்டவணைகள் டன்னிலும் மூட்டையிலும் இருப்பதில்லை, பணத்தில்தான் இருக்கின்றன. இந்தியாவின் மத்தியப் புள்ளியியல் அலுவலகம் 2007-08-க்கு வெளியிட்ட அட்டவணையில் 130 துறைகள்; எல்லாம் ரூபாயில். அப்படிப்பட்ட அட்டவணையில் ஒரு நிரலைக் கூட்டினால், அந்தத் துறையின் ஒரு ரூபாய் விளைவில் மூலப்பொருளுக்கு எத்தனை பைசா போகிறது என்று தெரியும். எல்லா நிரலும் ஒரு ரூபாய்க்குக் கீழே இருந்தால் ஐகன் மதிப்பும் ஒன்றுக்குக் கீழே இருந்தே தீரும். ஸ்ராஃபாவின் இரண்டாவது ஊரை 15 மூட்டை விலையில் எழுதினால் இரண்டு நிரல்களின் கூட்டலும் 0.8.

தலைகீழாகச் சொன்னால் மட்டும் பொய்யாகிவிடும். அதே ஊரில் அரசாங்கம் இரும்பு விலையை டன்னுக்கு 8 மூட்டை என்று கட்டுப்படுத்தினால், இரும்புத் துறை 184 மூட்டை மதிப்புக்குச் செலவழித்து 160 பெறும். அதன் நிரல் 1.15. புத்தகக் கணக்கில் நட்டம். ஆனால் ஊரில் ஒரு மூட்டை மிச்சமும் குறையவில்லை, ஐகன் மதிப்பு அதே 0.8. நட்டத்தில் ஓடும் துறை ஒன்று இருப்பதால் பொருளாதாரம் விளங்காது என்று முடிவு கட்டக்கூடாது. விலை கோணலாகவும் இருக்கலாம். கிழக்கு ஐரோப்பாவில் 1990-களின் தொடக்கத்தில் இதற்கு எதிர்ப்பக்கம் தெரிந்தது. உள்நாட்டு விலையில் லாபம் காட்டிய சில தொழில்களை உலகச் சந்தை விலையில் மறுபடி கணக்கிட்டபோது, வாங்கும் மூலப்பொருளின் மதிப்பு விற்கும் பொருளின் மதிப்பைத் தாண்டியிருந்தது.

நடந்து முடிந்த ஆண்டின் அட்டவணை இந்தத் தேர்வில் தோற்பது அரிது. மக்கள் சாப்பிட்டு, உடுத்தி, வீடு கட்டிக்கொண்டிருக்கும் நாட்டில் மிச்சம் இருப்பது கண்ணெதிரே தெரிவதுதான். தேர்வு உண்மையில் கடிப்பது இன்னும் நடக்காத திட்டங்களில். புதிய ஆலைகளின் சமையல் குறிப்புகளை மட்டும் வைத்து நாளைய பொருளாதாரத்தை வரைகிறவர், ஒரு எரிபொருளைச் செய்ய எத்தனை எரிபொருள் தீரும் என்று கணக்கிடுகிறவர், இவர்களுக்கு எண் முன்கூட்டியே பேசும். எண் ஒன்றை நெருங்க நெருங்கக் கணக்கின் நம்பகமும் குறையும். சுற்றுத் தேவை நூற்றில் ஒரு பங்காகக் குறைய, 0.5 என்றால் 7 சுற்று போதும், 0.8 என்றால் 21, 0.95 என்றால் 90. 0.95 என்று அளந்தது உண்மையில் 0.96 என்றால் மொத்த உற்பத்தி நான்கில் ஒரு பங்கு கூடுதலாக வேண்டியிருக்கும். புள்ளிவிவரத்தில் ஒரு சதவீதப் பிழை சாதாரணம்.

மாதிரிக்கு வெளியே நிற்பவையும் உண்டு. இரட்டிப்பு விளைவுக்கு இரட்டிப்புச் செலவு என்று அது எடுத்துக்கொள்கிறது. நிலம் தீருவதும் பெரிய உலையில் கரி மிச்சமாவதும் அதற்குத் தெரியாது. ஒரு பொருளுக்குப் பதில் இன்னொன்றைப் பயன்படுத்துவதற்கும் அதில் இடமில்லை. எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டியது, அந்த 280 மூட்டைக்குள் இருக்கும் சாப்பாடு. இரண்டாவது ஊரில் மிஞ்சிய 175 மூட்டையையும் வேலையாட்களுக்கே கொடுத்துவிட்டால் கோதுமைத் துறையின் செலவு 280-இலிருந்து 455 ஆகும்; ஐகன் மதிப்பு 0.8-இலிருந்து சரியாக 1-க்கு ஏறும். இரும்புத் துறையாருக்குப் பாதியைப் பிரித்துக் கொடுத்தாலும் அதே 1. ஏரும் உலையும் விதையும் மாறவில்லை. தட்டில் விழுந்த அளவு மட்டும் மாறியிருக்கிறது. கணக்கின்படி அந்த ஊரில் இப்போது மிச்சமே இல்லை. ஊர்க்காரர்கள் முன்பைவிட நன்றாகச் சாப்பிடுகிறார்கள்.